லாபம் 23% கூடியிருக்கும்போது இ.பி.எஸ். 39% குறையுமா?

கேள்வி: ஐயா, ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறேன். நான் பங்கு வைத்திருக்கும் நிறுவனத்தின் செப்டம்பர் காலாண்டு முடிவு வாட்ஸ்அப்பில் படமாக வந்தது. நிகர லாபம் சென்ற ஆண்டைவிட 23% அதிகம் என்று எனக்குக் கணக்கு வருகிறது. படத்தின் அடியில் இ.பி.எஸ்., அதாவது ஒரு பங்குக்கான லாபம், என்ற வரியில் சென்ற ஆண்டு எண் மங்கிப்போயிருந்ததால், அதைச் சென்ற ஆண்டு சேமித்து வைத்த பழைய படத்திலிருந்து எடுத்தேன். அப்படிப் பார்த்தால் இ.பி.எஸ். 39% குறைந்திருக்கிறது. லாபம் கூடி இ.பி.எஸ். குறையுமா? நான் எங்கே தவறினேன்?

பதில்:

உங்கள் கழித்தலிலும் வகுத்தலிலும் பிழை இல்லை. பழைய படத்திலிருந்து எடுத்த 23.69 என்ற எண்ணை இந்த ஆண்டின் 14.43-க்குப் பக்கத்தில் வைத்ததுதான் தவறு. அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் நிறுவனம் ஒன்றுக்கு ஒன்று போனஸ் பங்கு கொடுத்திருக்கிறது. நீங்கள் அனுப்பிய படத்தின் அடிக்குறிப்பில், பொடி எழுத்தில், நான்காவது குறிப்பாக அது இருக்கிறது. சரியான ஒப்பீட்டு எண் 11.85. மங்கிய அந்த எண்ணைப் பார்க்காமலே எப்படி 11.85 என்று சொல்கிறேன் என்பதுதான் இந்தப் பதிலின் மையம். அது கைவந்துவிட்டால், படத்தில் எந்த எண் தவறாகப் படிக்கப்பட்டாலும் நீங்களே பிடித்துவிடுவீர்கள்.

முதலில் படத்திலிருந்து நமக்கு வேண்டிய வரிகளை மட்டும் இங்கே எடுத்து வைக்கிறேன். எல்லாம் லட்சம் ரூபாயில், இ.பி.எஸ். மட்டும் ரூபாயில்.

| | 30.9.2025 | 30.6.2025 | 30.9.2024 |
|---|---|---|---|
| நிகர லாபம் | 4,862.35 | 4,417.90 | 3,946.20 |
| இதில் தாய் நிறுவனப் பங்குதாரர்களுக்கு | 4,618.10 | 4,201.60 | 3,790.60 |
| மொத்த விரிவான வருமானம் | 4,790.15 | 4,402.60 | 3,981.75 |
| செலுத்தப்பட்ட மூலதனம் (முகமதிப்பு ரூ.2) | 640.00 | 320.00 | 320.00 |
| இ.பி.எஸ். | 14.43 | 13.13 | மங்கல் |

மூன்று நெடுவரிசைகளும் மூன்று காலாண்டுகள். முதலாவது இப்போது முடிந்தது, இரண்டாவது அதற்கு முந்தையது, மூன்றாவது சென்ற ஆண்டின் இதே காலாண்டு. ஆண்டு வளர்ச்சி பார்க்க வேண்டுமானால் முதலாவதையும் மூன்றாவதையும்தான் ஒப்பிட வேண்டும். நடுவில் இருக்கும் எண் பக்கத்திலேயே இருப்பதால் கண் தானாக அங்கே போகும். இந்தப் படத்தில் அப்படி எடுத்தால் வளர்ச்சி 10.1% என்று வரும். அதுவும் உண்மையான எண்தான், ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்கான விடை அல்ல. உங்கள் தோட்டத்தில் கார்த்திகை, மார்கழியில் பழம் பறிக்கும் மாதங்களின் வரவை ஆனி, ஆடி வரவோடு ஒப்பிட்டு, தோட்டம் செழித்துவிட்டது என்று முதலாளியிடம் சொல்வீர்களா? பறிப்புக் காலத்தைச் சென்ற ஆண்டுப் பறிப்புக் காலத்தோடுதான் வைப்பீர்கள். காலாண்டுக் கணக்கிலும் அதே நியாயம்தான்.

இந்தத் தவறை நான் செய்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன்பு, செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிப் பட்டறைக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த காலம். கோடைக்காலத்தில் மட்டும் சரக்கு ஓடும் ஒரு நிறுவனத்தின் ஜூன் காலாண்டுப் படத்தைப் பார்த்து, நடு வரிசையைச் சென்ற ஆண்டு என்று எடுத்துக்கொண்டு, லாபம் பல மடங்கு பெருகிவிட்டது என்று பட்டறைக்காரரிடம் சொல்லிவிட்டேன். அவர் என் பேச்சை நம்பிப் பங்கு வாங்கினார். சென்ற ஆண்டின் ஜூன் காலாண்டோடு வைத்துப் பார்த்தபோது லாபம் உண்மையில் குறைந்திருந்தது. அன்றிலிருந்து எந்தப் படம் வந்தாலும், எண்களைத் தொடுவதற்கு முன்பே தலைப்பில் இருக்கும் தேதிகளைத் தனியாக ஒரு தாளில் எழுதிவிடுகிறேன். எல்லா நிறுவனங்களும் வரிசையை ஒரே மாதிரி அடுக்குவதில்லை. படம் சாய்ந்தோ வெட்டுப்பட்டோ வரும்போது தலைப்பு ஒரு வரிசை நகர்ந்து தெரிவதும் உண்டு.

வரிசை சரிதானா என்று உறுதிசெய்ய, செப்டம்பர் காலாண்டுப் படத்தில் ஒரு நல்ல வசதி இருக்கிறது. அரையாண்டு நெடுவரிசையும் அதிலேயே இருக்கும். ஜூன் லாபத்தையும் செப்டம்பர் லாபத்தையும் கூட்டினால் அரையாண்டு லாபம் வர வேண்டும். 4,417.90-ஐயும் 4,862.35-ஐயும் கூட்டினால் 9,280.25. உங்கள் படத்தில் நான்காவது நெடுவரிசையில் அதே எண் இருக்கிறது. ஆகவே முதல் இரண்டு வரிசைகளும் நாம் நினைத்தவைதான். எண்களும் சரியாகப் படிக்கப்பட்டிருக்கின்றன. டிசம்பர் காலாண்டில் மூன்று காலாண்டுகளைக் கூட்டி ஒன்பது மாத எண்ணோடு ஒப்பிடலாம். ஆனால் அந்தப் படத்தில் ஜூன் காலாண்டு இருக்காது என்பதால் பழைய படம் ஒன்று தேவைப்படும்.

இனி நிகர லாப வரி. இதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ஏனென்றால் லாபம் என்ற பெயரில் ஒரே பக்கத்தில் ஐந்தாறு வரிகள் இருக்கும். விதிவிலக்கு இனங்களுக்கு முந்தைய லாபம், வரிக்கு முந்தைய லாபம், வரிக்குப் பிந்தைய லாபம், அதற்குக் கீழே மொத்த விரிவான வருமானம் என்று இறங்கிக்கொண்டே போகும். கடைசியில் இருப்பதுதான் இறுதி லாபம் என்று நினைத்து விரிவான வருமானத்தை எடுத்துவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. முதலீடுகளின் மதிப்பில் ஏற்றத்தாழ்வு, ஓய்வூதியப் பொறுப்பின் மறுமதிப்பீடு போன்று லாப நஷ்டக் கணக்குக்குள் வராதவை அந்த வரியில் சேர்ந்திருக்கும். இந்தப் படத்தில் அதை எடுத்தால் வளர்ச்சி 20.3% என்று வரும். நம்பும்படியாகவே இருப்பதால், தவறு என்று தோன்றவே தோன்றாது. நமக்கு வேண்டியது வரியைக் கழித்த பிறகு, விரிவான வருமானத்துக்குப் போகும் முன் நிற்கும் எண்.

நீங்கள் 23% என்று எடுத்தது அந்த வரிதான். 4,862.35-இலிருந்து 3,946.20-ஐக் கழித்து, 3,946.20-ஆல் வகுத்தால் 23.2%. அதில் பிழை இல்லை. ஆனால் இ.பி.எஸ். அந்த வரியிலிருந்து பிறப்பதில்லை. இது ஒருங்கிணைந்த கணக்கு. துணை நிறுவனங்களின் லாபமும் இதில் சேர்ந்திருக்கிறது. அந்தத் துணை நிறுவனங்களில் வெளியாருக்கும் பங்கு இருக்கிறது. அவர்களுக்குச் சேர வேண்டிய லாபம் இந்தக் காலாண்டில் 244.25 லட்சம், சென்ற ஆண்டு 155.60 லட்சம். அது உங்களுக்கு வராது. அதைக் கழித்த பிறகு வருவதுதான் "Owners of the Company" என்று படத்தில் அச்சிட்டிருக்கும் 4,618.10. இ.பி.எஸ். கணக்கின் தொகுதி அந்த எண்தான். அதன் வளர்ச்சி 21.8%.

இரண்டில் எதைச் சொல்வது என்று கேட்டால், நான் பங்குதாரரிடம் பேசும்போது 21.8% என்றுதான் சொல்வேன். பத்திரிகையில் 23.2% என்று வந்திருந்தால் அதுவும் பொய்யில்லை. ஒரு ஆண்டுக்கு ஒரு வரியையும் மறு ஆண்டுக்கு வேறு வரியையும் எடுப்பதுதான் கூடாது. 4,862.35-ஐ 3,790.60-ஓடு ஒப்பிட்டு 28% வளர்ச்சி என்று எழுதியிருப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

படத்தில் இந்தப் பிரிப்பு இருந்தால் அது ஒருங்கிணைந்த கணக்குதான். இல்லாவிட்டால் அதை வைத்து மட்டும் தனி நிறுவனக் கணக்கு என்று முடிவுகட்ட வேண்டாம். துணை நிறுவனங்கள் முழுவதும் தாய் நிறுவனத்துக்கே சொந்தமாக இருந்தாலும் பிரிப்பு இருக்காது. பக்கத்தின் மேல் தலைப்பில் "Standalone" என்றிருக்கிறதா "Consolidated" என்றிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பக்கங்களும் ஒரே அச்சில் இருக்கும். வாட்ஸ்அப்பில் ஒருவர் ஒன்றையும் அடுத்தவர் மற்றதையும் அனுப்பிவிடுவார்கள்.

இப்போது மங்கிய எண்ணுக்கு வருவோம். இ.பி.எஸ். என்பது பங்குதாரர்களுக்கான லாபத்தைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்து வருவது. பங்குகளின் எண்ணிக்கை படத்தில் நேரடியாக இருக்காது. ஆனால் செலுத்தப்பட்ட மூலதனமும் முகமதிப்பும் இருக்கும். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் எண்ணிக்கை கிடைத்துவிடும். இப்போதைய மூலதனம் 640 லட்சம் ரூபாய், முகமதிப்பு 2 ரூபாய். ஆகவே 320 லட்சம் பங்குகள். 4,618.10 லட்சத்தை 320 லட்சத்தால் வகுத்தால் 14.43. படத்தில் அச்சிட்டிருப்பதும் 14.43. இரண்டும் ஒத்துப்போகின்றன என்றால் லாப வரி, மூலதன வரி, முகமதிப்பு, இ.பி.எஸ். வரி ஆகிய நான்கையும் சரியாகப் படித்திருக்கிறோம் என்று பொருள். நான்கில் ஒன்று பிசகியிருந்தாலும் இது ஒத்துவராது. வளர்ச்சிக் கணக்குக்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

இதையே ஜூன் வரிசைக்குச் செய்து பாருங்கள். மூலதனம் 320 லட்சம் ரூபாய் என்பதால் 160 லட்சம் பங்குகள். 4,201.60-ஐ 160-ஆல் வகுத்தால் 26.26. படத்தில் இருப்பதோ 13.13. சரியாகப் பாதி! நிறுவனம் தவறாக அச்சிட்டுவிட்டது என்று இங்கே நினைக்கத் தோன்றும். தவறில்லை. இந்தியக் கணக்கியல் தரநிலை 33-இன்படி, போனஸ் பங்கு கொடுத்தாலோ முகமதிப்பைப் பிரித்தாலோ, அந்த அறிக்கையில் காட்டப்படும் எல்லாக் காலங்களின் இ.பி.எஸ்.ஸையும் புதிய எண்ணிக்கைக்கு ஏற்றபடி திருத்திக் காட்ட வேண்டும். மூலதன வரியை அப்படித் திருத்துவதில்லை. அந்தந்தத் தேதியில் இருந்தது அப்படியே நிற்கும். ஒரே நெடுவரிசையில் பழைய மூலதனமும் புதிய இ.பி.எஸ்.ஸும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது இதனால்தான்.

ஆகவே 30.9.2024 வரிசையின் லாபத்தையும் 320 லட்சம் பங்குகளால் வகுக்க வேண்டும். 3,790.60-ஐ 320-ஆல் வகுத்தால் 11.85. மங்கிய இடத்தில் இருக்க வேண்டிய எண் அதுதான். 14.43-ஐ 11.85-ஓடு ஒப்பிட்டால் வளர்ச்சி 21.8%. பங்குதாரர் லாபத்தின் வளர்ச்சியும் அதே 21.8% என்பதைக் கவனியுங்கள். போனஸைத் தவிர வேறு எந்த வழியிலும் பங்குகள் கூடவோ குறையவோ இல்லையென்றால் இரண்டும் ஒத்துத்தான் போக வேண்டும்.

நீங்கள் பழைய படத்திலிருந்து எடுத்த 23.69 அன்றைக்குச் சரியான எண். அப்போது 160 லட்சம் பங்குகள்தான் இருந்தன. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கிலோ வெள்ளிக் கட்டியை இரண்டாக வெட்டினால் துண்டு இரண்டாகும், வெள்ளி கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. அரைக் கிலோத் துண்டை நேற்றைய ஒரு கிலோக் கட்டியோடு தராசில் வைத்து, வெள்ளி பாதியாகிவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். போனஸில் நடப்பதும் அந்த வெட்டுதான். கையிருப்பு நிதியில் இருந்த தொகை மூலதனக் கணக்குக்கு மாறுகிறது; வெளியிலிருந்து ஒரு ரூபாயும் வருவதில்லை. உங்களிடம் சென்ற ஆண்டு 100 பங்குகள் இருந்திருந்தால் இப்போது 200 இருக்கும். டீமேட் கணக்கைத் திறந்து பார்த்திருந்தாலே பாதி விடை கிடைத்திருக்கும்.

புதிய பங்கு விற்றுப் பணம் திரட்டியிருந்தால் கதை வேறு. அப்போது இ.பி.எஸ். வளர்ச்சி லாப வளர்ச்சியைவிடக் குறைவாக வருவது உண்மையான குறைவு, அதைத் திருத்தக் கூடாது. இங்கே மூலதனத்தை முகமதிப்பால் வகுக்கும் சோதனையும் சற்று விலகும். ஏனென்றால் இ.பி.எஸ்.ஸுக்கு எடுப்பது காலாண்டின் கடைசி நாள் எண்ணிக்கை அல்ல, நாள்கணக்கில் எடைபோட்ட சராசரி. ஒரு பேச்சுக்கு, இதே நிறுவனம் 320 லட்சம் பங்குகளுக்கு மேல் 60 லட்சம் பங்குகளைக் காலாண்டு முடிய 30 நாள் இருக்கும்போது ஒதுக்கியது என்று வையுங்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை 92 நாள். 60 லட்சத்தில் 92-க்கு 30 பங்கு என்றால் ஏறத்தாழ 19.57 லட்சம். சராசரி 339.57 லட்சம் பங்குகள், இ.பி.எஸ். 13.60. வளர்ச்சி 14.8%தான். லாபம் 21.8% வளர்ந்தும் ஒரு பங்குக்குச் சேர்ந்தது அவ்வளவுதான். மூலதனம் சரியாக இரட்டித்தோ ஒன்றரை மடங்காகியோ இருந்தால் முதலில் போனஸைச் சந்தேகியுங்கள். ஒழுங்கற்ற ஒரு தொகை கூடியிருந்தால் பங்கு விற்பனையைச் சந்தேகியுங்கள். எதுவானாலும் அடிக்குறிப்பில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

படத்திலிருந்து எண்ணைப் பெயர்ப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் தடுமாற்றம் மங்கிய ஓர் எண்ணில்தான் தொடங்கியது. வாட்ஸ்அப் படத்தை நசுக்கி அனுப்பும். 3-க்கும் 8-க்கும், 1-க்கும் 7-க்கும், காற்புள்ளிக்கும் தசமப் புள்ளிக்கும் வித்தியாசம் போய்விடும். முடிந்தால் அனுப்பியவரிடம் படமாக இல்லாமல் கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள். அதைவிட நல்லது, பி.எஸ்.இ. அல்லது என்.எஸ்.இ. தளத்தில் அந்த நிறுவனத்தின் பக்கத்துக்குப் போய் அறிவிப்புகளில் மூலக் கோப்பையே எடுத்துக்கொள்வது. மார்ச் தவிர மற்றக் காலாண்டுகளுக்கு, முடிந்த 45 நாளுக்குள் அங்கே தாக்கல் செய்ய வேண்டும் என்பது செபியின் விதி. மார்ச் முடிவுக்கு 60 நாள். ஆனால் பல நிறுவனங்கள் கையெழுத்திட்ட தாளை ஸ்கேன் செய்துதான் ஏற்றுகின்றன. ஆகவே பி.டி.எஃப். கிடைத்தாலும் உள்ளே படம்தான் இருக்கும், எண்ணைத் தொட்டு நகலெடுக்க முடியாது.

கணினியில் படத்திலிருந்து எழுத்தைப் பெயர்க்க நான் பயன்படுத்துவது டெசராக்ட் என்ற இலவச மென்பொருள். அட்டவணையை மட்டும் வெட்டி, நேராக நிமிர்த்தி, இரண்டு மூன்று மடங்கு பெரிதாக்கி வைத்துக்கொண்டு இப்படி ஓட்டுவேன்:

```
tesseract q2.png out --psm 6 -c preserve_interword_spaces=1
```

`--psm 6` என்பது பக்கத்தை ஒரே கட்டமாக எண்ணி வரிவரியாகப் படிக்கச் சொல்வது. அதைக் கொடுக்காவிட்டால் நெடுவரிசைகளைத் தனித்தனிப் பத்திகள் என்று எடுத்துக்கொண்டு வரிகளைக் கலைத்துவிடுவது உண்டு. வெளிவரும் `out.txt` கோப்பை அப்படியே நம்பாதீர்கள். அது எங்கே தவறும் என்பதற்கு உங்கள் படத்திலேயே ஓர் உதாரணம் கிடைத்தது.

படத்தில் வரிக்கு முந்தைய லாபம் 6,512.75, நடப்பு வரி 1,702.40, ஒத்திவைத்த வரி (52.00). அடைப்புக்குறி என்றால் கழித்தல் எண் என்பது கணக்கு எழுதும் உங்களுக்குத் தெரியும். அதாவது மொத்த வரி 1,702.40-இலிருந்து 52 குறைந்து 1,650.40. அதை 6,512.75-இலிருந்து கழித்தால் 4,862.35, நிகர லாபம் ஒத்துப்போகிறது. ஆனால் மென்பொருள் அந்த மெல்லிய அடைப்புக்குறிகளை விழுங்கிவிட்டு வெறும் 52.00 என்று கொடுத்தது. அதைக் கூட்டிக் கழித்தால் 4,758.35 வருகிறது. வித்தியாசம் 104.00. ஐந்தொகை இடிக்கும்போது நாம் செய்யும் பழைய வழக்கத்தை இங்கும் செய்தேன்: வித்தியாசத்தைப் பாதியாக்கினேன். 52 வந்தது. அந்தத் தொகை எந்த வரியில் இருக்கிறது என்று தேடினால் குறி மாறிய இடம் உடனே தெரிந்துவிட்டது. இலக்கமே தவறாகப் படிக்கப்பட்டிருந்தால் வித்தியாசம் வேறு மாதிரி இருக்கும். 3,946.20-ஐ 8,946.20 என்று படித்திருந்தால் வித்தியாசம் சரியாக 5,000; ஒற்றை இலக்கத்துக்குப் பின் சுழியங்கள் வந்தால் ஒரே ஓர் இலக்கம்தான் பிசகியிருக்கிறது என்று தேடலாம்.

எண்கள் உறுதியான பிறகு வளர்ச்சி விகிதம் ஒரு சூத்திரம்தான். எக்செலில் B நெடுவரிசையில் இந்தக் காலாண்டும் D-இல் சென்ற ஆண்டின் காலாண்டும் இருந்தால்:

```
=IF(D2>0,(B2-D2)/D2,"--")
```

சென்ற ஆண்டு எண் பூஜ்யமாகவோ நஷ்டமாகவோ இருந்தால் விகிதம் போடாமல் கோடு போடச் சொல்லியிருக்கிறேன். இது முக்கியம். சென்ற ஆண்டு 200 லட்சம் நஷ்டம், இந்த ஆண்டு 300 லட்சம் லாபம் என்றால் வெறும் சூத்திரம் 250% சரிவு என்று காட்டும். கீழே இருக்கும் எண்ணின் குறியை நீக்கினால் 250% வளர்ச்சி என்று காட்டும். இரண்டுக்கும் பொருள் கிடையாது. அந்த இடத்தில் நஷ்டத்திலிருந்து லாபத்துக்கு வந்தது என்று எழுதி, இரண்டு தொகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும்.

அலகையும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த ஆண்டு லட்சத்திலும் சென்ற ஆண்டு கோடியிலும் அச்சிடும் நிறுவனங்கள் உண்டு. ஒரே படத்துக்குள் இந்தச் சிக்கல் வராது. உங்களைப் போலப் பழைய படத்தையும் புதிய படத்தையும் கலக்கும்போதுதான் வரும்.

சிறிய இ.பி.எஸ். உள்ள நிறுவனங்களுக்கு வேறொரு கண்ணி இருக்கிறது. இ.பி.எஸ். இரண்டு தசமத்துக்குச் சுருக்கி அச்சிடப்படுகிறது. 14.43 போன்ற எண்ணில் அந்தச் சுருக்கம் ஒன்றும் செய்யாது. ஆனால் இந்த ஆண்டு 0.12, சென்ற ஆண்டு 0.10 என்றிருந்தால் 20% வளர்ச்சி என்று எழுதுவீர்கள். 0.12 என்று அச்சானது உண்மையில் 0.115 முதல் 0.125 வரை எதுவாகவும் இருக்கலாம், 0.10 என்பது 0.095 முதல் 0.105 வரை. ஒரு கோடியில் வளர்ச்சி 9.5%, மறு கோடியில் 31.6%. அப்படிப்பட்ட படத்தில் இ.பி.எஸ்.ஸை வைத்து விகிதம் போடாதீர்கள். பங்குதாரர் லாபத்தில் விகிதம் போட்டு, பங்கு எண்ணிக்கை மாறியிருந்தால் அதற்கு ஏற்றபடி நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள்.

இ.பி.எஸ். வரிக்கு அடியில் "not annualised" என்று இருப்பதைப் பார்த்துச் சிலர் நான்கால் பெருக்கிவிடுகிறார்கள். அது, இந்த எண் மூன்று மாதத்துக்கு உரியது, ஆண்டுக்கு ஆக்கப்படவில்லை என்று சொல்லும் குறிப்பு மட்டுமே. காலாண்டைக் காலாண்டோடு ஒப்பிடும்போது அதைத் தொட வேண்டியதே இல்லை. அதே இடத்தில் அடிப்படை இ.பி.எஸ்., நீர்த்த இ.பி.எஸ். என்று இரண்டு வரிகள் இருக்கும். ஊழியர்களுக்குக் கொடுத்த பங்கு உரிமைகள் போன்றவை பங்காக மாறினால் எவ்வளவு என்று இரண்டாவது வரி காட்டும். எதை எடுத்தாலும் இரண்டு ஆண்டுகளுக்கும் ஒரே வரியை எடுங்கள்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். பழைய படத்தை ஒதுக்கிவிட்டு, மூலக் கோப்பைப் பங்குச் சந்தைத் தளத்திலிருந்து இறக்கி, 30.9.2024 வரிசையில் இ.பி.எஸ். வரியைப் பெரிதாக்கிப் பாருங்கள். 11.85 இருந்தால் கணக்கு முடிந்தது. அங்கே 23.69 என்று இருந்தால் நிறுவனம் சென்ற ஆண்டு எண்ணைத் திருத்தாமல் விட்டிருக்கிறது என்று அர்த்தம். அப்போது அந்தப் பக்கத்தையும் அடிக்குறிப்புப் பக்கத்தையும், படமாக இல்லாமல் கோப்பாக, எனக்கு அனுப்புங்கள். நான்காவது குறிப்பை நானும் ஒரு முறை முழுதாகப் படித்துப் பார்க்கிறேன்.